உடலைச் சுடுவது பொருளா, ஒலியா?

ஒரே உறுப்பைக் குறிக்க இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்றை மருத்துவரிடம் கூசாமல் சொல்கிறோம். மற்றொன்றைப் பிள்ளையின் வாயிலிருந்து கேட்டால் வீட்டில் அடி விழும். குறிக்கும் பொருள் ஒன்றுதான். ஆனாலும் இரண்டாவது சொல் காதில் விழுந்ததும் உடம்பு சட்டென்று விழித்துக்கொள்கிறது. கெட்ட வார்த்தை கவனத்தை இழுக்கிறது, உடலைக் கிளர்த்துகிறது என்பதை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உளவியல் ஆய்வுக்கூடங்கள் சோதித்து வருகின்றன. இது நடக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. பொருள் உடலைக் கிளர்த்துகிறது, அந்தக் கிளர்ச்சி கவனத்தை இழுக்கிறது என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்தான் இடறுகிறது.

1949இல் எலியட் மக்கின்னிஸ் செய்த சோதனை இந்த வழக்கின் முதல் சாட்சி. சொற்களைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் திரையில் காட்டும் டாகிஸ்டாஸ்கோப் கருவியை அவர் பயன்படுத்தினார். சொல் இன்னதென்று மாணவர்கள் சொல்லும் வரை காட்டும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். பொதுச் சொற்களைவிடக் கெட்ட வார்த்தைகளைக் கண்டுசொல்ல அதிக நேரம் தேவைப்பட்டது. சொல்லைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே உள்ளங்கைத் தோல் வியர்வையால் அதற்குப் பதில் காட்டியது. மனம் தன்னைக் காத்துக்கொள்கிறது, பார்க்க விரும்பாததைத் தடுக்கிறது என்றார் அவர். அடுத்த ஆண்டே ஹவ்ஸும் சாலமனும் இரண்டு ஓட்டைகளைக் காட்டினார்கள். இந்தச் சொற்கள் அச்சில் அரிதாக வருபவை. அரிய சொல்லைப் படிக்க எப்போதுமே நேரமாகும். அதோடு, ஆசிரியர் முன்னால் அப்படி ஒரு சொல்லை உறுதியில்லாமல் உளறிவிட எந்த மாணவர் துணிவார்? தெரிந்தும் வாயடைத்து நின்றிருக்கலாம். இரண்டு மறுப்புகளும் நியாயமானவை. மக்கின்னிஸ் சொன்ன தற்காப்பு விளக்கத்தை அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து ஏற்க முடியாது.

கெட்ட வார்த்தையை வாயால் சொல்ல வேண்டிய தேவையை நீக்கியது ஸ்ட்ரூப் முறை. திரையில் ஒரு சொல் சிவப்பு நிறத்தில் வருகிறது. அதைப் படிக்காமல் ‘சிவப்பு’ என்று நிறத்தை மட்டும் சொன்னால் போதும். 2004இல் டொனால்ட் மெக்கேயும் உடன் ஆய்வாளர்களும் இதைக் கெட்ட வார்த்தைகளை வைத்துச் செய்தார்கள். அந்தச் சொற்களுக்கு நிறம் சொல்வது தாமதமானது. பிறகு, முன்னறிவிப்பின்றி நினைவைச் சோதித்தபோது அந்தச் சொற்கள் கூடுதலாக நினைவில் இருந்தன. தொடர்ந்து ஒரே நிறத்தில் வந்த கெட்ட வார்த்தையின் நிறம்கூடப் பொதுச் சொல்லின் நிறத்தைவிட நன்றாகப் பதிந்திருந்தது. கூச்சத்தால் மறைக்கிறார்கள் என்ற மறுப்பு இங்கே நிற்காது, ஏனென்றால் மறைப்பதற்கு எதுவும் கேட்கப்படவில்லை. ஆனால் ஒரு குறிப்பைத் தவறவிடக் கூடாது: அதே சொல் திரும்பத் திரும்ப வந்தபோது தாமதம் குறைந்தது.

இனி உடலுக்கு வருவோம். பெரும்பாலும் அளக்கப்படுவது விரல் நுனியின் மின்கடத்துதிறன்தான். பரிவு நரம்பு தூண்டப்பட்டால் வியர்வைச் சுரப்பிகள் நிரம்பும், தோல் மின்சாரத்தைச் சற்று எளிதாகக் கடத்தும். மாற்றம் மிகச் சிறியது, 0.05 மைக்ரோசீமென்ஸ் உயர்ந்தாலே பொதுவாக ஒரு பதில் என்று கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதைவிட முக்கியம், அது மெதுவானது. சொல் தோன்றி ஒன்று முதல் மூன்று நொடிகள் கழித்தே எழத் தொடங்கும். நிறம் சொல்லும் வேலையோ ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஆகவே கவனம் தடுமாறியதற்கு வியர்த்ததைக் காரணமாகச் சொல்ல முடியாது. மூளைக்குள் அதற்கு முன்பே வேகமான கிளர்ச்சி நடந்திருக்கலாம் என்பது சரியான வாதம். தோல் அதன் தாமதமான எதிரொலி மட்டுமே. அந்தத் தோலும் வெட்கம், கோபம், சிரிப்பு மூன்றுக்கும் ஒரே கோட்டைத்தான் வரைகிறது.

கிளர்ச்சிதான் காரணம் என்ற வாதத்துக்கு மிகப் பெரிய இடி 2006இல் ஹேட்லியும் மெக்கேயும் செய்த சோதனையிலிருந்து வந்தது என்பேன். பரிச்சயம், நீளம், ஒரே இனத்தவை என்ற தொடர்பு ஆகியவற்றில் சமமான சொற்களை எடுத்து, வேகமாக ஓடும் பட்டியல்களாகக் காட்டி உடனே நினைவுகூரச் சொன்னார்கள். அரிய சொல் என்ற பழைய மறுப்புக்கு இதிலேயே பெரும்பகுதி விடை கிடைத்துவிடுகிறது. கலந்த பட்டியலில் கெட்ட வார்த்தைகள் வென்றன. வேகம் கூடியபோது அருகிலிருந்த பொதுச் சொற்கள் நினைவிலிருந்து நழுவின. பட்டியல் முழுக்கக் கெட்ட வார்த்தைகளாகவே இருந்தபோது அந்த மேன்மை மறைந்தது. வெறும் கிளர்ச்சிதான் நினைவைக் கூட்டுகிறது என்றால், அப்படிப்பட்ட பட்டியலில் அது இன்னும் பெருகியிருக்க வேண்டுமே. அங்கே நடப்பது வரிசையில் முந்துவது. முந்த வேண்டுமென்றால், பின்னுக்குத் தள்ளப்பட வேறொருவர் வேண்டும்.

முந்தும் உரிமையை அந்தச் சொல்லுக்குத் தருவது எது? 2011இல் பிரிஸ்டலில் ஜெஃப்ரி பவர்ஸும் பிளெய்டெல்-பியர்ஸும் இதை நேராகக் கேட்டார்கள். ஆங்கிலத்தின் கடுமையான வசைச்சொற்களையும், அவற்றின் முதலெழுத்தை மட்டும் சொல்லி ‘அந்த எழுத்துச் சொல்’ என்று சுட்டும் மறைமொழிகளையும் வாய்விட்டுப் படிக்க வைத்தார்கள். சுட்டப்படும் சொல் எது என்று யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் வசைச்சொல்லுக்கே தோல் கூடுதலாகப் பதில் காட்டியது. நம் இலக்கணம் ‘இடக்கரடக்கல்’ என்று பெயரிட்டு, மலம் கழித்து வந்ததைக் ‘கால் கழுவி வந்தான்’ என்று சொல்ல வைப்பதும், தொல்காப்பியம் ‘அவையல் கிளவி’யை மறைத்துச் சொல்லச் சொல்வதும் இதே நுட்பத்தைத்தான்: கருத்து கேட்பவரைச் சேர வேண்டும், ஒலி சேரக் கூடாது. இருந்தாலும் பவர்ஸின் சோதனை முழுத் தீர்ப்புக்குப் போதாது. ஆய்வாளர் அறிய உரக்கச் சொல்லும் கூச்சமே தோலை நனைத்திருக்கலாம்.

அந்த இடைவெளியைப் பெரும்பாலும் அடைப்பது கேத்தரின் ஹாரிஸ் குழுவின் 2003ஆம் ஆண்டு ஆய்வு. துருக்கி மொழியைத் தாய்மொழியாகவும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் கொண்ட 32 பேர், ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு இனிமையானது என்று மதிப்பிட மட்டுமே செய்தார்கள். அந்த நேரத்தில் விரல் நுனியில் மின்கடத்தல் அளக்கப்பட்டது. தாய்மொழிக் கெட்ட வார்த்தைக்கும், சிறுவயதில் கேட்ட ‘வெட்கமா இல்லையா?’ போன்ற கண்டிப்புகளுக்கும் உடல் ஆங்கிலத்தைவிட அதிகமாக அதிர்ந்தது. கண்டிப்பில் ஆபாசமோ அருவருப்போ இல்லை. அதில் இருப்பது அதட்டிய குரல் மட்டும். ஹாரிஸ் அடுத்த ஆண்டு ஸ்பானிஷ்-ஆங்கிலம் பேசுவோரைச் சோதித்தார். ஆங்கிலத்தைத் தாமதமாகக் கற்றவர்களுக்குத் தாய்மொழிக் கண்டிப்பே கூடுதலாகச் சுட்டது; அமெரிக்காவில் வளர்ந்து சிறுவயதிலேயே ஆங்கிலம் பழகியவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. பொருள் புரிவதுதான் காரணம் என்றால், ஆங்கிலம் நன்கு புரிந்த துருக்கியருக்கு இரண்டு மொழியும் ஒரே அளவில் சுட்டிருக்க வேண்டும்.

இவற்றை வைத்து என் தீர்ப்பு இது. உடல் அதிர்வு பெருமளவில் சொல்லின் ஒலியோடு சிறுவயதில் கட்டப்பட்ட தண்டனையின், அச்சத்தின் தடம். அந்தக் கட்டில் பொருளுக்கும் பங்குண்டு. ஆனால் பொருள் தனியாக நின்று அதைச் செய்வதில்லை. கவனம் இழுபடுவது அதே வேரிலிருந்து பிரியும் வேறு கிளை: சுற்றியுள்ள சொற்களைச் சார்ந்தது, பழகப் பழகத் தேய்வது. ஒன்றை மற்றொன்றின் காரணமாக எழுதுபவர்கள் தோல் அளவீட்டைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. இதுவரை வந்த சான்றுகளில் பெரும்பகுதி ஆங்கிலச் சொற்களிலிருந்து வந்தது என்பதையும் தீர்ப்போடு சேர்த்தே படிக்க வேண்டும். மறைமொழியையும் வசைச்சொல்லையும் வாய்திறக்காமல், தனியறையில், காதால் மட்டும் கேட்க வைத்து, அதையே பிற்காலத்தில் கற்ற மொழியிலும் திரும்பச் செய்தால், கூச்சத்தின் பங்கு எவ்வளவு என்பது பிரிந்து தெரியும்.