ஒரு சிறிய சமக்குறியும் இடம் கேட்காத மெர்ஜும்

மெர்ஜ் சார்ட் 1945-இல் ஜான் வான் நாய்மன் யோசித்தது. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அதை அரேயில் வைத்தே சொல்லிக்கொடுக்கின்றன. என்னைக் கேட்டால், அதன் அழகு முழுசாகத் தெரிவது லிங்க்டு லிஸ்ட்டில்தான்.

அரேயில் என்ன சங்கடம் என்று பார்ப்போம். இடது பாதியில் 30, 50. வலது பாதியில் 20, 40. இரண்டும் தனித்தனியே வரிசையாகிவிட்டன, இனி சேர்க்க வேண்டும். முதலில் வர வேண்டியது 20. அதை முதல் இடத்தில் எழுதினால் அங்கிருந்த 30 அழிந்துபோகும். இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாமே என்றால், 30 போய் 40-க்கு முன்னால் உட்காரும், 50 தனியாக நிற்கும். அடுத்த சிறியதை எங்கே தேடுவது என்பதே குழம்பிவிடும். அதனால் இடது பாதியை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க முடியும். கவனமாக எழுதினால் பாதி அளவு இடம் போதும். பலர் முழு அளவும் எடுத்துவிடுகிறார்கள். கூடுதல் இடமே இல்லாமல் அரேயில் சேர்க்கும் வழிகளும் உண்டு. ஆனால் அவை மெதுவானவை, அல்லது படிக்கவே தலை சுற்றுபவை.

லிஸ்ட்டில் எந்த மதிப்பும் இடம் பெயர்வதில்லை. லினக்ஸ் கெர்னலின் `list_sort.c` கோப்பில் மெர்ஜின் உயிர்நாடி இவ்வளவுதான்:

```c
if (cmp(priv, a, b) <= 0) {
    *tail = a;
    tail = &a->next;
    a = a->next;
    if (!a) {
        *tail = b;
        break;
    }
}
```

இதில் நான் திரும்பத் திரும்ப ரசிப்பது `*tail = b` என்ற வரியை. `a` தீர்ந்துவிட்டால், `b`-யில் இன்னும் ஐந்து லட்சம் நோடுகள் மிச்சமிருந்தாலும் சரி, ஒரே ஒரு பாயிண்டரை மாற்றினால் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அரேயில் தற்காலிக இடத்தில் மிஞ்சியதை ஒவ்வொன்றாகத் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

ஆனால் லிஸ்ட்டுக்கு இடச்செலவே இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். 16 பைட் உள்ள பத்து லட்சம் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அரேயில் பாதி நகல் என்பது 80 லட்சம் பைட். 64-பிட் கணினியில் அதே பதிவுகளை லிஸ்ட்டாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 8 பைட் `next` பாயிண்டர், அதுவும் 80 லட்சம்! அரே சார்ட் நடக்கும்போது மட்டும் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. லிஸ்ட் பிறந்த நாளிலிருந்தே கட்டிக்கொண்டு இருக்கிறது. அதோடு நோடுகள் மெமரியில் சிதறிக் கிடந்தால் கேஷ் உதவாது, ஓட்டமும் மந்தமாகும். ஏற்கெனவே லிஸ்ட்டாக இருப்பதைச் சார்ட் செய்யும்போதுதான் இந்த அழகு லாபமாகிறது.

சம மதிப்புள்ளவை பழைய வரிசை மாறாமல் நிற்கும் ஸ்டேபிள் குணம் இரண்டுக்கும் பொது. அது முழுக்க அந்த `<=`-இல் இருக்கிறது. சமமென்றால் `a`-யை, அதாவது முன்னால் இருந்த பகுதியை எடு. `<` என்று எழுதிவிட்டாலும் எண்கள் சரியாகவே வரிசையாகும், எண்களை மட்டும் பார்க்கும் எந்தச் சோதனையும் சிவக்காது. பெயர் வரிசையில் இருந்த மாணவர் பட்டியலை மதிப்பெண்படி அடுக்கும்போதுதான், ஒரே மதிப்பெண் வாங்கியவர்களின் பெயர்கள் கலைந்து குட்டு வெளிப்படும்.

லிஸ்ட்டுக்கே உரிய இன்னொரு பொறி உண்டு. நடுப்புள்ளியைத் தேடச் சோம்பல்பட்டு, நோடுகளை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சம மதிப்புள்ள மூன்று நோடுகளை இப்படிப் பிரித்தால் ஒன்றும் மூன்றும் ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம். `<=` ஒழுங்காக இருந்தும் விடை ஒன்று, மூன்று, இரண்டு என்று வரும். வெட்டு ஒரே இடத்தில் விழ வேண்டும். முன்பாதி முன்பாதியாகவே இருக்க வேண்டும். கண்டுபிடிப்பது எளிது: எல்லா மதிப்பும் சமமாக உள்ள லிஸ்ட்டில் வரிசை எண் ஒட்டிச் சார்ட் செய்து பாருங்கள். ஒரு நோடுகூட அசையக் கூடாது.

திரும்பவும் கெர்னலுக்கு. பாதிப் பாதியாகப் பிரித்து ரிகர்ஷனில் இறங்கினால் பத்து லட்சம் நோடுகளுக்கு ஏறத்தாழ 20 அடுக்கு ஸ்டாக் வேண்டும். லினக்ஸ் அதையும் தவிர்க்கிறது: கீழிருந்து மேலாக, சிறு லிஸ்ட்டுகளாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. அப்படியானால் சேர்ப்பதற்குக் காத்திருக்கும் லிஸ்ட்டுகளை எங்கே குறித்து வைப்பது? கெர்னலின் லிஸ்ட்டில் ஒவ்வொரு நோடுக்கும் `prev` என்று பின்னோக்கும் பாயிண்டரும் உண்டு. சார்ட் நடக்கும் நேரத்தில் அதற்கு வேலை இல்லை. அந்தச் சும்மா இருக்கும் `prev`-களைக்கொண்டே காத்திருப்பவை ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. கடைசி மெர்ஜ் மட்டும் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. நோடுகளைச் சேர்த்துக்கொண்டே போகும்போது ஒவ்வொரு `prev`-ஐயும் அதன் சரியான முந்தைய நோடுக்குத் திருப்பிவிடுகிறது.