பெருக்கிய பில்லும் மோசடி ஷரத்தும்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துத் தந்த வாசகத்தின்படி, நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் மோசடி பற்றிய ஷரத்து ஒன்று இடம்பெறுகிறது. காப்பீடு பெற்றவர் மட்டுமன்றி, அவர் சார்பில் நடக்கும் ஆஸ்பத்திரியோ டாக்டரோ வஞ்சக எண்ணத்துடன் பொய் விவரம் தந்தாலும், பாலிசியின் சகல பலன்களும் கட்டிய பிரீமியமும் பறிபோகும் என்பது அதன் சாரம். இதை அநியாயம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட நான் துணியேன். வெறும் பரிசோதனைக்கு வந்தவர், டாக்டரின் தயவில் ‘அட்மிட்’ ஆனதாக எழுதி வாங்குவதும் நடக்கிறது. பொய்த் தொகையைக் கழிப்பது மட்டுமே தண்டனையானால், அகப்பட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை.

நோயாளி அறியாமல் ஆஸ்பத்திரியே கணக்கைப் பெருக்கும்போதுதான் ஷரத்தின் கோணல் புலப்படுகிறது. டெங்குவுக்காக ஐந்து நாள் சாதாரண வார்டில் கிடந்த ஒருவருக்கு நியாயமான செலவு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியோ, அவற்றில் இரண்டு நாளை ஐ.சி.யூ. வாசமாக எழுதி, 95,000 ரூபாய்க்குக் கேஷ்லெஸ் கோரிக்கை அனுப்புகிறது. வீடு திரும்பும் அவசரத்தில் நீட்டிய காகிதங்களிலெல்லாம் அவர் கையெழுத்திடுகிறார். அவற்றுள் ஒன்று, விவரங்கள் யாவும் உண்மை என்ற உறுதிமொழி. பின்னர் விசாரணைக்கு வருபவர் நர்ஸ்களின் குறிப்பேட்டைப் புரட்டினால், அந்த இரண்டு நாளும் வார்டிலேயே ஜுரம் பார்த்த பதிவு நேரத்தோடு நிற்கிறது. 35,000 ரூபாய்ப் பொய்க்காக முழுத் தொகையும் மறுக்கப்படலாம். குடும்ப ஃப்ளோட்டர் பாலிசியாயின் மனைவி மக்களின் பாதுகாப்பும் ரத்தாகலாம். புதிதாக வேறு பாலிசி எடுத்தால், பழைய நோய்களுக்கு மூன்று வருஷம்வரை காத்திருக்க நேரலாம். பொய் அகப்படாமலே போனாலும், அந்த வருஷத்துக் காப்புத் தொகையில் 35,000 ரூபாய் வீணாகக் கரைந்திருக்கும்.

தாம் உண்மையென்றே நம்பியதையும், மறைக்கும் உத்தேசமின்மையையும் நிரூபித்தால் கோரிக்கையை மறுக்கலாகாது என்று அதே ஷரத்து சலுகை தருவது மெய்யே. ஆயினும் நிரூபணப் பாரம் நோயாளியின் தலைமேல். குறிப்பேடுகளோ ஆஸ்பத்திரியின் கையில். கம்பெனியோடு கட்டணம் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டு, பணத்தையும் நேரே பெற்றுக்கொள்ளும் ஆஸ்பத்திரி, தன் லாபத்துக்காகச் சொன்ன பொய்யில் மட்டும் நோயாளியின் பிரதிநிதியாகிவிடுவது எந்த நியாயம் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆதலால் நிரப்பாத படிவத்தில் கையெழுத்திடாமல், இனவாரியான பில்லைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள ஐ.சி.யூ. தேதிகளோடு ஒப்பிட்டு, பிசகு தென்பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவிப்பது உத்தமம். தேதியிட்ட அக்கடிதம், அறியாமைக்கு வலுவான சாட்சியாகும். பிறகும் மறுத்தால் கம்பெனியிடம் முறையிட்டு, 30 நாளில் பதிலோ திருப்தியோ கிட்டாவிடில், கட்டணமேதுமின்றிக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டவருக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது.