காதில் தங்கிய அசைகள்

ஓபெராவில் எங்கோ கேட்ட பாடலைத் தேடுபவருக்கு அதன் முதலடி நினைவிருப்பது அபூர்வம். பாடகர் உச்சத்தில் நின்ற இடம்தான் காதில் தங்கியிருக்கும். பட்டியல்களோ ஆரியாக்களை முதலடியின் பெயரால்தான் அடுக்குகின்றன.

புச்சீனியின் ‘டுராண்டாட்’ ஓபெராவில் வரும் ‘நெஸ்ஸுன் டோர்மா’ இதற்கு நல்ல சான்று. தலைப்பான அவ்விரு சொற்களும் தாழ்ந்த குரலில், ஆரவாரமின்றித் தொடங்கிவிடுகின்றன. கடைசியில் திரும்பத் திரும்ப வரும் ‘வின்-சே-ரோ’தான் மனத்தில் பதிகிறது, அதுவும் பலருக்கு ‘இன்சேரோ’ என்றோ ‘சீரோ’ என்றோ தேய்ந்துவிடும். நீண்ட ஸ்வரம் உயிரொலியின் மீதே ஏறி நிற்பதால் மெய்யொலி முதலில் உதிர்கிறது. ஆகவே அசைகளின் எண்ணிக்கையை முதலிலும், உயிரொலிகளை அடுத்தும், மெய்களைக் கடைசியிலும் நம்புவது நல்லது. இந்த நம்பிக்கையும் ஆண்குரலுக்கே பொருந்தும். சோப்ரானோவின் உச்சத்தில் எல்லா உயிர்களும் ஏறக்குறைய ‘ஆ’வாகிவிடும்.

இந்த ஆரியாவை அசையால் அறிய 1972-இல் சுபின் மேத்தா நடத்திய ஒலிப்பதிவில் பாவரோட்டி பாடியதற்கு இணையில்லை. 1990 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது பிபிசி ஒலிபரப்பியதும் அவர் குரலைத்தான். கோரெல்லியின் வீச்சே பெரிது என்பாரும் உண்டு; வீச்சு மெய்தான், எழுத்துச் சுத்தம் பாவரோட்டியிடம். இசையேட்டில் ‘சே’யின் மேல் உள்ள உச்ச ஸ்வரம் கண்ணிமைப் பொழுதுதான், நீளமெல்லாம் அடுத்த ‘ரோ’வுக்கு. அந்தச் ‘சே’யை நீட்டுவது டெனர்களின் வழக்கம், பாவரோட்டியும் விலக்கல்ல. ஆனால் அவர் நீட்டினாலும் அசை அசையாகவே நிற்கும். இன்றைய அரங்குகளில் ஸ்வரம் மட்டும் நீள்கிறது, எழுத்து தொண்டைக்குள் போய்விடுகிறது.

ஓபெராவில் இப்படி ஓர் அரிய சொல் அகப்பட்டால் பாடல் அகப்பட்டதுபோலத்தான்; உரைநூல் ஒரே படைப்புக்கென எழுதப்பட்டது. ‘அமோரே’ போன்ற சொல் மட்டும் உதவாது, அது வராத இத்தாலிய ஓபெரா ஏது?

லத்தீன் கோரஸில் கதை வேறு. சொல் ‘உம்’, ‘உஸ்’ என முடிந்தால் லத்தீனாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் உயிரில் முடிவதெல்லாம் இத்தாலியமும் அல்ல. ‘லாக்ரிமோசா’ என்று தெளிவாகவே நினைவிருந்தாலும் தேடல் பாதிதான் முடிந்தது. ரெக்வியம் பாடம் ஒன்று, அதற்கு இசையமைத்தவர்கள் பலர். அங்கே சொல்லை விட்டு, யார் தொடங்கினார் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். வயலின்கள் விம்மி விம்மி நிற்க, கோரஸ் முழுதுமாக நுழைந்திருந்தால் அது மொஸார்ட். ஒற்றை மெஸ்ஸோ-சோப்ரானோ குரல் தொடங்கியிருந்தால் அது வெர்டி.