எந்த வேளையில் எந்தத் திதி: கோகுலாஷ்டமி வழியே பஞ்சாங்கம்

பஞ்சாங்கத்தில் ஒரு நாளுக்கு நேரே அச்சாகியிருப்பது அன்றைய சூரிய உதயத்தின்போது நடக்கும் திதியும் நட்சத்திரமும்தான். பக்கத்திலுள்ள எண், உதயத்திலிருந்து எத்தனை நாழிகை வரை அவை நீடிக்கும் என்று சொல்கிறது. ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம்.

எடுத்துக்காட்டாக, ஆவணித் தேய்பிறையில் மூன்று நாட்களைப் பார்ப்போம். உதயம் காலை 6 மணி என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் சப்தமி 20 நாழிகை, அதாவது பிற்பகல் 2 மணி வரை. இரண்டாம் நாள் அஷ்டமி 18.30. இதைப் பதினெட்டரை நாழிகை என்று படிக்க வேண்டும், பகல் 1.24க்கு முடிகிறது. அன்றே கிருத்திகை 10.15, காலை 10.06 வரை. பிறகு ரோகிணி தொடங்கி மூன்றாம் நாள் காலை வரை ஓடுகிறது.

கோகுலாஷ்டமி எந்த நாள்? 'அஷ்டமி' என்று அச்சாகியிருப்பதால் பலர் இரண்டாம் நாளில் விரல் வைப்பார்கள். ஸ்மார்த்தர்களுக்கோ நள்ளிரவில் அஷ்டமி இருக்க வேண்டும். நள்ளிரவு என்பது 45ஆம் நாழிகை. அந்த வேளையில் அஷ்டமி இருப்பது முதல் நாள் மட்டுமே. அவர்களுக்கு அன்றுதான் பூஜை. பாஞ்சராத்திர மரபினர் உதயத்தில் கிருத்திகை கலவாத ரோகிணியைத் தேடுவதால் ஸ்ரீஜயந்தி மூன்றாம் நாளுக்குப் போகிறது. அன்று உதயத்தில் நவமி வந்துவிட்டாலும் அவர்களுக்குத் தடையில்லை. இரண்டு கணக்கும் சரியே. கேட்கும் கேள்விதான் வேறு. வைகானசம், முனித்ரயம் ஆகியவற்றுக்கும் தனி நிர்ணயம் உண்டு; அதனால்தான் ஒரே பஞ்சாங்கத்தில் ஜயந்தி பலமுறை அச்சாகிறது.

இதற்கும் அடியில் இன்னொரு பிரிவு இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாக்கியங்களைக் கொண்டு சந்திரனைக் கணிக்கிறது. திருக்கணிதம் வானத்தில் காணும் நிலையோடு ஒத்துப்போகும்படி கணிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி இந்த முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். இரண்டிலும் திதி முடிவு சில மணி நேரம் வரை விலகலாம். பெரும்பாலான நாட்களில் அந்த விலகல் விரத நாளை மாற்றாது. எல்லை வேளைக்கு அருகில் திதி முடியும்போதுதான் சிக்கல். சப்தமி ஒன்றில் 43 நாழிகை, மற்றதில் 47 என்றிருந்தால், ஒன்றின்படி நள்ளிரவில் அஷ்டமி, மற்றதின்படி சப்தமி. நாளே மாறிவிடும். கிரகணத்தைச் சரியாகக் காட்டுவது திருக்கணிதமே. ஆனாலும் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் உற்சவ நாட்களை வாக்கியமே தீர்மானிக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் சென்னை நாழிகையை அப்படியே எடுக்கக் கூடாது. தம் ஊர் உதயத்துக்கும் ஊர் நேரத்துக்கும் கணித்த பஞ்சாங்கத்தையே பார்க்க வேண்டும்.

வீட்டு மரபு எது என்று பெரியவர்களிடம் கேட்டு, அதற்குரிய ஒரே பஞ்சாங்கத்தை ஆண்டு முழுவதும் கைக்கொள்ளுங்கள். திதியை ஒன்றிலும் நட்சத்திரத்தை வேறொன்றிலும் எடுத்தால் எந்த மரபின் நாளும் கிடைக்காது.