எடுத்தாளலும் எடுத்துக்கொள்ளலும்

முன்னோர் கருத்தைச் சொல்லும் இடங்களில் தொல்காப்பியர் ‘என்ப’ என்று குறித்துச் செல்கிறார். வழிநூல் செய்வதற்குத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கு வழிகளையும் வகுக்கிறார். சொல்லுக்குச் சொல் மாற்றிவைப்பது அவற்றுள் ஒன்றன்று. இன்று ஆய்வேடுகளில் மிகுதியாகக் காண்பது அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. மூலத்தில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: “மதகு பழுதானதால் ஏரி வறண்டது என்பதைவிட, மதகைக் காத்த ஊர் ஏற்பாடு குலைந்ததால்தான் மதகே பழுதானது என்பது சரி.” மாணவர் எழுதுகிறார்: “மடை சேதமடைந்ததால் குளம் வற்றியது என்பதைக் காட்டிலும், மடையைப் பேணிய கிராம அமைப்பு சிதைந்ததால்தான் மடையே சேதமடைந்தது என்பது பொருத்தம்.” சொற்கள் மாறியிருக்கின்றன, வாக்கியத்தின் எலும்புக்கூடு மாறவில்லை. அடிக்குறிப்பு இட்டாலும், வாக்கியத்தை அமைத்தவர் மாணவர் என்றே வாசகர் நினைப்பார்.

அமெரிக்க ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் இதற்கு ஒட்டுப்போட்ட எழுத்து என்ற பொருளில் பெயரிட்டார். அவரும் வேறு இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 18 மாணவர் கட்டுரைகளைப் பார்த்தார்கள். ஒன்றில்கூட ஒரு மூலத்தின் முழு வாதம் சுருக்கித் தரப்படவில்லை. மாணவர்கள் நூலிலிருந்து எழுதவில்லை, தனி வாக்கியங்களிலிருந்து எழுதினார்கள். நோயின் வேர் இங்கேதான்.

ஆகவே பகுதி முழுவதையும் படித்துவிட்டு நூலை மூடி, ஆசிரியர் எதை மறுக்கிறார், எதை நிறுவுகிறார் என்று நினைவிலிருந்து எழுத வேண்டும். பிறகு மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அப்போது இப்படி வரும்: “ஏரிகளின் சீரழிவுக்கு இவ்வாய்வாளர் கட்டுமானத்தைக் குறை சொல்வதில்லை, பராமரிப்பு ஊரின் கையைவிட்டுப் போனதையே முதற்காரணமாகக் காண்கிறார்.” கருத்து யாருடையது என்பது வாக்கியத்துக்குள்ளேயே தெரிகிறது.

மூலத்தின் சொல்லையே விசாரிக்கும்போதுதான் மேற்கோள் தேவை: “அவர் ‘ஊர் ஏற்பாடு’ என்கிறார். அந்த ஏற்பாட்டில் யாருக்கு இடமிருந்தது, யார் விலக்கப்பட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை.” இரண்டே சொற்கள் மேற்கோளாகின்றன, வாதம் மாணவருடையதாகிறது. ஒரு பத்தி முழுவதையும் மேற்கோளாக இட்டு அடுத்த பத்திக்குத் தாவினால், பேசுபவர் மூல ஆசிரியர் மட்டுமே.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. பலர் இதைத் திருட்டுக்கான சலுகையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே விதிமுறைகள் பிறருடைய படைப்பை மட்டுமல்ல, கருத்தையும் தனதாகக் காட்டுவதைக் கருத்துத் திருட்டு என்கின்றன. மென்பொருள் சொற்களின் ஒப்புமையை எண்ணித் தரும். மேலே கண்ட மாணவரின் மடை வாக்கியம் அதில் தப்பிவிடக்கூடும். மூலத்தையும் ஏட்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் நெறியாளரிடம் தப்பாது.