கொடுத்ததும் குடித்ததும்

பிரிட்டனின் முதியோர் இல்லங்களில் ஒருவர் மெலிந்துபோனால், சத்துப் பான பாட்டில்களை எழுதித் தருவதற்கு முன் அவர் சாப்பிடும் உணவையே செறிவூட்டிப் பார்ப்பது வழக்கம். ‘முதலில் உணவு’ என்பார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் அதன் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது சமையலறையைவிடப் பதிவேடுதான் என்பேன்.

ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். உயரம் 158 செ.மீ. ஆறு மாதத்தில் எடை 52 கிலோவிலிருந்து 48க்கு இறங்கிவிட்டது. ‘மஸ்ட்’ என்ற அளவீட்டில் இந்த எடையிழப்புக்கு ஒரு புள்ளி, 20க்குக் கீழே போன உடல் நிறை குறியீட்டுக்கு இன்னொன்று. இரண்டு வந்தாலே அதிக ஆபத்து. அவருக்கு 568 மில்லி முழுக் கொழுப்புப் பாலில் சுமார் 60 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்துத் தரத் தொடங்குகிறார்கள். வெறும் பாலில் ஏறத்தாழ 375 கலோரியும் 19 கிராம் புரதமும் இருக்கும். பவுடர் சேர்ந்ததும் கலோரி 590ஐத் தொடும், புரதம் இரு மடங்காகும். குடிக்கும் அளவோ அதேதான். பசி மந்தமானவருக்கு இதைவிட உகந்த உபாயம் இல்லை.

வெண்ணெய், கிரீம், சர்க்கரை மட்டும் சேர்த்தால் இந்தப் பலன் கிடைக்காது. கலோரி ஏறும், புரதமும் வைட்டமினும் பெரிதாக ஏறாது. செறிவூட்டிவிட்டோம் என்ற நிம்மதிதான் மிஞ்சும்.

ஒரு மாதம் கழித்து எடை 47 கிலோ. பதிவேட்டில் தினமும் ஒரே வரி: ‘பால் கொடுக்கப்பட்டது’. செறிவூட்டல் பலிக்கவில்லை என்று முடிவுகட்டி, நாளுக்கு இரண்டு பாட்டில் பானம் எழுதுகிறார்கள். உண்மையில் அவர் பாதிப் பாலைத்தான் குடித்திருக்கிறார். குளிர்ந்த, திகட்டும் பால் அவருக்குப் பிடிக்கவில்லை. பாட்டிலும் இனிப்புதான், அதுவும் பாதி குடித்த நிலையில் கட்டிலோரம் நிற்கும்.

முழுவதும், முக்கால், பாதி, கால், தொடவில்லை என்று நான்கு நாள் குறித்திருந்தாலே போதும். ஏன் மிஞ்சியது என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதியிருந்தால், அதே பாலைச் சூடான காபியிலோ ஓட்ஸ் கஞ்சியிலோ கலந்திருப்பார்கள். முழுவதையும் குடித்தும் எடை இறங்கினால்தான் அது உண்மையான தோல்வி. அப்போது நோயைத் தேட வேண்டும், பானமும் எழுத வேண்டும்.

எல்லோரையும் இந்த வரிசையில் நிறுத்துவதும் தவறு. ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவரையும், படுக்கைப் புண்ணோடு வேகமாக மெலிகிறவரையும் ஒரு மாதம் காக்க வைக்கக் கூடாது. அவர்களுக்கு உணவும் பானமும் சேர்ந்தே தொடங்கட்டும். சிறுநீரக நோயாளிக்குப் பால் பவுடரின் பாஸ்பரஸும் பொட்டாசியமும் கெடுதல் செய்யலாம். அங்கே உணவியலாளரைக் கேட்காமல் எதையும் கலக்கக் கூடாது.

மறுபரிசீலனைக்கு வரும் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: எடையைப் பார்த்ததும் பானம் எழுதிவிடாதீர்கள். நேற்றைய தம்ளரில் எவ்வளவு மிஞ்சியது என்று முதலில் கேளுங்கள்.