பத்திரம் வங்கியில், வயல் கையில்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு காலத்தில் நிலத்தின் பேரில் பெரிய தொகை வேண்டுமென்றால் ஒத்தி வைப்பார்கள். பணம் வாங்கியவர் வயலை விட்டு இறங்குவார். கொடுத்தவர் நடவு போட்டு நெல்லை எடுத்துக்கொள்வார். இன்று வங்கியில் மூலப்பத்திரத்தை ஒப்படைத்தால் போதும். வயலும் வீடும் உரியவரிடமே இருக்கும், குறுவையும் சம்பாவும் அவருடையவை. இந்த முறையின் பெரிய நன்மை இதுதான்.

கடன், பத்திர ஒப்படைப்பு, அந்தப் பத்திரம் கடனுக்குப் பிணை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் இருந்தால் அடமானம் முழுமை பெற்றுவிடும். உச்ச நீதிமன்றம் 1964-இல் நாதன் – மாருதி ராவ் வழக்கில் சொன்னது இது. தமிழ்நாட்டில் 2012-க்குப் பிறகு இந்த ஒப்படைப்பை எழுதும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும் கட்டாயம். அதனால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பவருக்கு அடமானம் தெரிந்துவிடுகிறது. அதே நிலத்தைக் காட்டி இன்னொருவரை ஏமாற்றும் வழி பெருமளவு அடைபட்டது.

சிக்கல் கடன் தவறும்போது தொடங்குகிறது. பாபநாசம் பக்கத்தில் ஒரு குடும்பம், ஒன்பது மா நஞ்சைக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் உள்ள பத்திரங்களை ஒப்படைத்து 10 லட்சம் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மா என்பது சுமார் மூன்று ஏக்கர். குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் இல்லை, சம்பா அறுப்புக்கு முன் மழையில் சாய்ந்தது. நெல் போன்ற குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம் தவணை தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அடுத்து 2002-இன் சர்பாசி சட்டப்படி 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் வரும். வீடு, வயல் இரண்டின் சர்வே எண்களும் அதில் இருக்கும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்தை அதன் பிடியிலிருந்து விலக்குகிறது. நீதிமன்றத்துக்குப் போகாமல் வங்கி அந்த ஒன்பது மாவை ஏலம் விட முடியாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பாணை பெற்றே விற்க வேண்டும். ஆனால் பட்டாவில் ‘நஞ்சை’ என்று இருப்பது மட்டும் காப்பாற்றாது. இந்தியன் வங்கி – பாப்பிரெட்டியார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், வருவாய்ப் பதிவேடு முடிவான சான்று அல்ல, நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்றது. மனையாகப் பிரித்துக் கல் நட்ட நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு சந்தேகமே. ஆகவே நோட்டீஸ் வந்ததும் பயிர் பதிவான அடங்கல் நகலை வி.ஏ.ஓ.விடம் வாங்கி இணைத்து, எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லக் கடமைப்பட்டது.

வீட்டுக்கு அந்தக் கவசம் இல்லை. வயலை எளிதில் விற்க முடியாது என்று தெரிந்த வங்கி வீட்டைச் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் அதுதான். உழவரின் நிலத்தைக் காக்க எழுதிய விலக்கு அவர் கூரையைப் பிணையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதை நான் இந்த ஏற்பாட்டின் பெரிய குறையாகவே பார்க்கிறேன். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழுப் பாக்கியையும் கட்டினால்தான் மீட்கும் உரிமை. அதற்கு முன் ஏல நாள் வரை பணம் புரட்ட அவகாசம் இருந்தது. அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அறிவிப்பு வந்தால், களத்துக்கு வரப்போகும் நெல் அந்த வீட்டுக்கு உதவாது.

கடனை ஒழுங்காகக் கட்டியவருக்கும் ஒரு கண்ணி உண்டு. ஒப்பந்தத்தின் நடுவில், ‘இக்கடனுக்கும், இனி வாங்கும் கடன்களுக்கும், பிறருக்குக் கொடுத்த ஜாமீனுக்கும் இச்சொத்து பிணையாகும்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். தம்பியின் கடனுக்கு அதே வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், தன் 10 லட்சத்தைத் தீர்த்துவிட்டுப் போய் நின்றாலும் பத்திரம் வராது. ஒரு கடனுக்கென்று நம்பிக் கொடுத்ததை எல்லாப் பொறுப்புக்கும் இழுப்பது நியாயமில்லை. கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை அடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பத்திரத்தைத் திருப்பித் தருவதில் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் போட்ட உத்தரவு நல்ல மாற்றம். முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தந்து, பதிவான பொறுப்பையும் நீக்க வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. அது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் உத்தரவின் தலைப்பு ‘தனிநபர் கடன்’ என்று சொல்கிறது. உழவுக் கடனுக்கும் ஐயமின்றிப் பொருந்தும்படி அதை எழுதியிருக்க வேண்டும்.

பத்திரக் கட்டு கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று வீடு திரும்புகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வங்கி ரசீது ஆவணம் எழுதிப் பதிவு செய்யும் வரை வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். பத்தாண்டு கழித்து மகள் கல்யாணத்துக்கு மூன்று மா விற்கப் போகும்போது, வாங்க வந்தவர் அந்தப் பதிவைப் பார்த்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார். அதற்குள் கிளை வேறொரு வங்கியோடு இணைந்து, பழைய கடன் கோப்பைத் தேட ஆள் இல்லாமலும் போயிருக்கலாம்.